கணுக்கால் பார்த்த வேலை

ஓடும் பேருந்தில் எதையும் பிடிக்காமல் நிற்கிற நடத்துநரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை, தோளில் தோல் பை. ஓட்டுநர் பிரேக் போட்டால் பயணிகள் எல்லாரும் முன்னால் சாய்கிறார்கள். அவர் மட்டும் சாய்வதில்லை. கால்களை அகட்டி வைத்திருப்பதும், இருக்கைக் கம்பியில் இடுப்பை லேசாக அணைத்திருப்பதும் நம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வேலையைக் கணுக்கால்கள் பார்த்துக்கொண்டிருக்கும். வண்டி ஒவ்வொரு முறை அசையும்போதும் பாதத்தின் அடிப்பகுதி அதை உணர்ந்து சொல்ல, நினைப்பதற்குள் கணுக்கால் திருத்திவிடும்.

மன்னார்குடிப் பக்கத்து நடத்துநர் ஒருவர் 31 ஆண்டுகள் இப்படி நின்றே வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற நான்காம் ஆண்டில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அவர் பெயர் இங்கே வேண்டாம். செயற்கைக் காலில் அவர் மறுபடி நடக்கக் கற்றுக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வருகிறேன். நம் ஊரில் சர்க்கரை நோயால் கால் இழக்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் கடந்தாக வேண்டிய பாதை அது.

தொடக்கம் ஒரு சிறு கல். சர்க்கரை நோய் பல ஆண்டுகள் இருந்ததில் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போயிருந்தன. ரப்பர் செருப்புக்குள் புகுந்த ஜல்லித் துணுக்கோடு காலையிலிருந்து மாலை வரை நடந்திருக்கிறார், தெரியவில்லை. கட்டைவிரலுக்கு அடியில் புண் வந்தது. வலி இல்லாததால் மஞ்சள் பத்துப் போட்டுவிட்டு இருந்துவிட்டார்கள். விரல் கறுத்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். முதலில் விரலை எடுத்தார்கள். நோய்த்தொற்று பாதத்துக்குள் ஏறிவிட்டதால் அடுத்து முழங்காலுக்குக் கீழே ஆறு அங்குலம் விட்டுக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆறு அங்குலமும் அதற்கு மேலே இருக்கிற முழங்காலும் அவருக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பது அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. முட்டி மிஞ்சியிருந்தால் செயற்கைக் காலில் நடப்பது ஒரு வகை. முட்டியும் போய்விட்டால் முற்றிலும் வேறு வகை, ஏனென்றால் அப்போது முட்டியையும் சேர்த்துச் செயற்கையாகச் செய்ய வேண்டும், நடக்க ஆகும் உழைப்பும் மிக அதிகம். அறுவை மருத்துவர்கள் முட்டியைக் காப்பாற்ற அத்தனை பாடுபடுவது அதனால்தான்.

காப்பாற்றிக் கொடுத்த முட்டியை வீட்டில் அன்பினாலேயே கெடுக்கப் பார்த்தார்கள். கால் வலிக்கிறது என்று அவர் முனகியதும் மனைவி முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைக் கொடுத்தார். மடித்து வைத்தால் வலி கொஞ்சம் குறையும், அது உண்மைதான். ஆனால் மடிந்தே கிடக்கிற முட்டியின் பின்பக்கத்துத் தசைநார்கள் சுருங்கிவிடும். தையல் பிரித்தபோது அவரால் முட்டியை முழுதாக நீட்ட முடியவில்லை. நீளாத முட்டியில் செயற்கைக் காலை மாட்டினால், எப்போதும் பாதி உட்கார்ந்த நிலையில் நடப்பது போலிருக்கும். தொடை சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

இயன்முறை மருத்துவரான இளம்பெண் முதலில் செய்த காரியம் அந்தத் தலையணையை எடுத்துவிட்டதுதான்.

"ஐயா, இனிமே முட்டிக்கு அடியில ஒண்ணும் வைக்கக் கூடாது. உட்கார்ந்தா காலைத் தொங்கப் போடக் கூடாது, முன்னாடி ஒரு பலகை போட்டு நீட்டி வைங்க. தினம் ரெண்டு வேளை குப்புறப் படுங்க."

குப்புறப் படுப்பது முட்டிக்காக மட்டுமல்ல. நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பவருக்கு இடுப்பின் முன்பக்கமும் இறுகிவிடும். இறுகிய இடுப்பு நடக்கும்போது காலைப் பின்னால் போகவிடாது. ஆறு வாரம் பிடித்தது முட்டி நேராக. சுருக்கம் ஆரம்ப நிலையில் இருந்ததால் நேரானது. பல மாதம் கவனிக்காமல் விட்டிருந்தால் பயிற்சியால் மட்டும் அது நீண்டிருக்காது.

இதற்கிடையே மீதமிருந்த காலுக்கு வடிவம் கொடுக்கிற வேலை. அறுவைக்குப் பிறகு அதன் முனை வீங்கி, மேலே ஒல்லியாகவும் கீழே பருத்தும் இருக்கும். அதை எந்தக் குழிக்குள்ளும் நுழைக்க முடியாது. இழுபடும் கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். முனையில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. வளையம் வளையமாகச் சுற்றினால் மேல் வளையம் கழுத்தை நெரிப்பது போல் ரத்தத்தைத் தடுத்து வீக்கத்தைக் கூட்டிவிடும். சுற்றிய கட்டு சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும் என்பதால் ஒரு நாளில் நாலைந்து முறை பிரித்துச் சுற்ற வேண்டும். மனைவி அதைக் கற்றுக்கொண்டார். தலையணை வைத்த அதே கைகள்தான் அந்தக் காலைச் செயற்கைக் காலுக்குத் தயார் செய்தன.

இல்லாத கட்டைவிரல் அரித்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். "புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைப்பாங்களேன்னு ஒரு மாசம் யார்கிட்டயும் சொல்லலை" என்றார். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. அது பேசிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அரிப்பு, சிலருக்கு எரிச்சல், சிலருக்கு விரல்கள் முறுக்கிக்கொண்ட வலி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த வி. எஸ். ராமச்சந்திரன் இதற்கு 1990களில் ஓர் எளிய வழி கண்டார். நல்ல காலுக்குப் பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தி, அதில் தெரியும் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் இருப்பதாகப் பார்த்தபடி நல்ல காலை மெல்ல அசைப்பது. மூளை அந்தக் கால் அசைவதாக எடுத்துக்கொள்கிறது. எல்லாருக்கும் பலிப்பதில்லை. இவருக்கு அரிப்பு முழுதும் போகவில்லை, ஆனால் இரவில் தூங்க முடிந்தது.

புண் ஆறி, வீக்கம் வடிந்து, மூன்றாம் மாதம் காலுக்கு அளவெடுத்தார்கள். செயற்கைக் கால் என்றதும் நாம் பாதத்தைத்தான் பார்ப்போம். உண்மையில் அதன் உயிர் மேலே இருக்கிறது, மீதிக்கால் நுழைகிற அந்தக் குழியில். சாக்கெட் என்று அதைச் சொல்வார்கள்.

பெரும்பாலோர் நினைப்பது போல, உடம்பின் எடை மீதிக்காலின் முனையில் இறங்குவதில்லை. வெட்டிய எலும்பின் முனை அந்தப் பாரத்தைத் தாங்காது. முழங்கால் சில்லுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தால் தடித்த தசைநார் ஒன்று தட்டுப்படும். அது அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும். காலின் உள்பக்கத்து எலும்புச் சரிவும் ஆடுதசையும் ஓரளவு தாங்கும். ஆனால் வெளிப்பக்கத்தில் முட்டிக்குச் சற்றுக் கீழே துருத்தியிருக்கும் எலும்பு முண்டும், முன்னெலும்பின் விளிம்பும், அதன் முனையும் துளியும் தாங்காது. எனவே தாங்கும் இடங்களில் இறுக்கமாகவும் தாங்காத இடங்களில் இடைவெளி விட்டும் சாக்கெட் அமைய வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லியில் 1950களின் இறுதியில் ஒழுங்குபடுத்தப்பட்ட இந்த முறைதான் இன்றும் உலகம் முழுதும் முழங்காலுக்குக் கீழான கால்களுக்கு அடிப்படையாக இருக்கிறது.

தொழில்நுட்பர் மீதிக்காலில் பிளாஸ்டர் துணியைச் சுற்றி, அது காய்வதற்குள் இரண்டு கட்டைவிரல்களாலும் சில்லுக்குக் கீழே அந்தத் தசைநாரின் இரு பக்கமும் அழுத்திப் பிடித்திருந்தார். காய்ந்த கூட்டைக் கழற்றி, அதற்குள் மறுபடி பிளாஸ்டரை ஊற்றினால் காலின் அச்சு கிடைக்கும். அதை அப்படியே பயன்படுத்த மாட்டார்கள். எங்கே அழுத்தம் வேண்டுமோ அங்கே அச்சை ராவிக் குறைப்பார்கள், எங்கே கூடாதோ அங்கே பிளாஸ்டரை அப்பி உயர்த்துவார்கள். பிறகு அடுப்பில் இளக்கிய பாலிப்ரொப்பிலீன் தகட்டை அதன்மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்டவைப்பார்கள். சில மில்லிமீட்டர் கூடுதலாக ராவினாலும் நடப்பவருக்குத் தெரியும். இயந்திரங்கள் எவ்வளவு வந்தாலும் இந்த வேலை இன்னும் அனுபவப்பட்ட கையை நம்பித்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இவரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: வெறுங்காலோடு அதிகம் நடப்பீர்களா, செருப்போடா? வெறுங்காலோடு வயலில் இறங்கவும் குத்தவைத்து உட்காரவும் வேண்டியவர்களுக்காகவே ஜெய்ப்பூரில் 1968 வாக்கில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் ரப்பரில் ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். அதுதான் ஜெய்ப்பூர் கால். இவருக்கு நிலம் இல்லை. தெருவிலும் கடைத்தெருவிலும் நடந்தால் போதும். குதிகாலில் மெத்தென்ற ரப்பர் வைத்த, கணுக்கால் அசையாத சாதாரணப் பாதத்தை எடுத்துக்கொண்டார். அது ஒரு குறிப்பிட்ட உயரக் குதிகால் கொண்ட காலணிக்கென்றே செய்யப்படுவது.

முதல் முறை இணைகம்பிகளுக்கு நடுவே எழுந்து நின்றபோது, அந்தப் பெண் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு எடை பார்க்கும் கருவியை வைத்தார். இவர் எடை 64 கிலோ.

"ரெண்டு கால்லயும் சமமா நிக்கிறீங்களா ஐயா?"

"சமமாத்தாம்மா நிக்கிறேன்."

கருவியைப் பார்த்தால் வலது காலில் 12 கிலோ. மிச்சம் எல்லாம் இடது காலிலும் கம்பிகளைப் பிடித்திருந்த கைகளிலும். அவர் பொய் சொல்லவில்லை. பாதத்திலிருந்து தகவல் எதுவும் வராத காலில் எவ்வளவு எடை வைத்திருக்கிறோம் என்பதை உடம்பு அறியாது, அறியாததை நம்பாது. நடை தடுமாறுவதற்கும், நல்ல காலில் அவசரமாகத் தாவி விந்துவதற்கும், இடுப்பும் முதுகும் பின்னாளில் வலிப்பதற்கும் இதுதான் பெரும் காரணம். செயற்கைக் காலில் நடக்கக் கற்பது என்பது முக்கால்வாசி அதன்மேல் எடையை வைக்கக் கற்பதுதான்.

அந்தப் பெண் அவருடைய வலது இடுப்புக்குச் சற்று வெளியே தன் உள்ளங்கையை நீட்டினார். "தோளைச் சாய்க்காதீங்க ஐயா. இடுப்பைக் கொண்டுவந்து என் கையில மோதுங்க." தோளைச் சாய்ப்பது சுலபம், எடை நகர்ந்துவிட்ட மாதிரியும் தோன்றும். இடுப்பு நகர்ந்தால்தான் எடை உண்மையாக நகரும். முதல் வாரக் கடைசியில் 20 கிலோ, அடுத்த வாரம் 28. முப்பதைத் தொட்ட பிறகே முதல் அடி எடுக்கவிட்டார்.

இங்கேதான் அவருடைய 31 ஆண்டுத் தொழில் குறுக்கே வந்தது. நிற்கச் சொன்னால் கால்கள் தாமாக அகன்றன. ஓடும் பேருந்தில் அது பாதுகாப்பு. செயற்கைக் காலில் அகட்டி நடந்தால், ஒவ்வோர் அடிக்கும் உடம்பை இடமும் வலமும் தூக்கிப் போட வேண்டிவரும். சாக்கெட்டின் விளிம்பு ஒரு பக்கமாக அழுத்திப் புண்ணாக்கும். தரையில் ஒரு நாடாவை ஒட்டி, அதற்கு இரு பக்கமும் நாலு விரல் தூரத்துக்குள் பாதம் விழ வேண்டும் என்று பழக்கினார்கள். அது மட்டும் போதாது. கால்களைச் சேர்த்து வைத்து நிற்கிறபோது கணுக்கால் செய்துவந்த திருத்தத்தை இப்போது வேறு யாராவது செய்ய வேண்டும். அந்த வேலை இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் காலை மேலே தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார்கள். நடக்கிற வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் அவர் சலித்துக்கொண்டாராம்.

பாதம் சொல்லாத சேதியைச் சாக்கெட் சொல்லத் தொடங்கியது கொஞ்ச நாள் கழித்துத்தான். எடை குதிகாலில் விழுந்தால் முட்டி முன்னால் மடங்கப் பார்க்கும். முன்பாதத்தில் விழுந்தால் முட்டி பின்னால் தள்ளப்படும். இதைப் படித்துக்கொண்டவர் தரையைப் பார்க்காமலே நடக்கலாம். ஒருநாள் தெருவில் மேடே இல்லாத இடத்தில் மேடு ஏறுவது போல் இருக்கிறது, முட்டி பின்னுக்கு இழுக்கிறது என்றார். காரணம் காலில் அல்ல, காலணியில். சிபாரிசு செய்த காலணிக்குப் பதில் பழைய தட்டைச் செருப்பைப் போட்டிருந்தார். குதிகால் உயரம் குறைந்ததும் மொத்தக் காலும் பின்னால் சாய்ந்துவிட்டது.

தினசரி வாழ்க்கையில் அவரை அதிகம் சோதித்தது காலுறை. மீதிக்கால் முதல் ஓராண்டு சுருங்கிக்கொண்டே போகும். ஒரே நாளிலும் காலையில் இருந்த பருமன் மாலையில் இருக்காது. சுருங்கினால் சாக்கெட்டுக்குள் கீழே இறங்கும். சில்லின் அடிப்பக்கம் குத்தும், முனை தரைதட்டும், செயற்கைக் கால் குட்டையாகிவிட்டது போலிருக்கும். அப்போது பருத்திக் காலுறை ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிப் போட்டால் கால் முழுதாக உள்ளே இறங்காது, செயற்கைக் கால் நீளமாகத் தோன்றும். சில்லறையை எண்ணிப் பழகியவர் ஒரு நோட்டுப் போட்டு, காலையில் எத்தனை, மாலையில் எத்தனை என்று எழுதி வைத்தார். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஏழாம் மாதம், இனி காலுறையால் சரிக்கட்ட முடியாது, புதிய சாக்கெட் வேண்டும் என்று தொழில்நுட்பர் முடிவு செய்தார்.

ஒரு பின்னடைவும் உண்டு. முதலில் அரை மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாத சிவப்பு புண்ணின் முன்னறிவிப்பு. நேரத்தை மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். உறவினர் கல்யாணத்தில் எல்லாரும் பார்க்கிறார்களே என்று இவர் காலையிலிருந்து இரவு வரை கழற்றவே இல்லை. வலிக்கவும் இல்லை, ஏனென்றால் பாதத்தை மரக்கச் செய்த அதே சர்க்கரை நோய் மீதிக்காலின் உணர்வையும் குறைத்திருந்தது. இரவில் பார்த்தால் வெளிப்பக்க எலும்பு முண்டின் மேல் கொப்புளம். புண் ஆறும்வரை மறுபடி ஊன்றுகோல்தான். தொழில்நுட்பர் அந்த இடத்தில் சாக்கெட்டைச் சூடுபடுத்தி வெளியே குழித்துக் கொடுத்தார்.

"வலிக்கலைன்னா நல்லாருக்குன்னு அர்த்தமில்லைண்ணே. நீங்க கண்ணாலதான் பாக்கணும்."

அன்றிலிருந்து ஒரு கைக்கண்ணாடி அவர் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊன்றுகோலும் அங்கேயே இருக்கிறது, வேறொரு காரணத்துக்காக. நடுராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது, தூக்கக் கலக்கத்தில் இரண்டு காலும் இருக்கிற நினைப்பில் பலர் எழுந்து விழுகிறார்கள். கால் இருக்கிறது என்று மூளை சொல்லிக்கொண்டிருக்கிறதே! கை நீட்டினால் முதலில் தட்டுப்படும் இடத்தில் ஊன்றுகோல் இருப்பதுதான் ஒரே காப்பு.

படி ஏறுவதற்கு ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். உடம்பைத் தூக்குவதும் மெல்ல இறக்குவதும் நல்ல காலின் வேலை என்பதால் இப்படி. கைத்தடி நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள். டவுன் பஸ்ஸின் முதல் படி வீட்டுப் படியைவிட நன்றாகவே உயரம். இவர் அதில் ஏறக் கற்றது ஐந்தாம் மாதம். கைத்தடியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, இரு பக்கக் கம்பியையும் பிடித்து, இடது காலை வைத்து உடம்பைத் தூக்கி, வலது காலை அந்தப் படியிலேயே சேர்த்து, பிறகுதான் அடுத்த படி. மொத்தத்தில் பத்து விநாடிக்கு மேல் ஆகாது. "அந்தப் பத்து விநாடி விசில் அடிக்காம இருந்தாப் போதும்" என்கிறார். தன் காலத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பத்து விநாடியைக் கொடுத்தோம் என்று இப்போது யோசிப்பதாகவும் சொன்னார்.

இப்போது காலையில் கடைத்தெரு வரை கைத்தடியோடு போய் வருகிறார். முன்பைவிட மெதுவாக நடக்கிறார், சீக்கிரம் களைக்கிறார். அது பலவீனம் அல்ல, செயற்கைக் காலில் அதே தூரத்துக்குக் கூடுதல் சக்தி செலவாகிறது. ஓடவோ சம்மணமிட்டு நெடுநேரம் இருக்கவோ முடியாது. பந்திக்குத் தரையில் உட்காருவதை விட்டுவிட்டார்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகச் செயற்கைக் கால் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் இதற்கென்றே அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுத் துறை மேரி வர்கீஸ் காலத்திலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. கால் கிடைப்பது இன்று பெரிய தடை அல்ல. வாங்கிய கால் இரண்டாம் மாதம் வலிக்கிறது என்று பரணில் ஏறிவிடுவதுதான் தடை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு கால் தூசி படிந்து கிடந்தால், அதைக் கொடுத்த இடத்துக்கே திருப்பி எடுத்துப் போங்கள். பெரும்பாலும் சாக்கெட் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். போகும்போது, மிச்சமிருக்கும் நல்ல காலின் அடிப்பாதத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காலை எடுத்த அதே நோய் அந்தக் காலிலும் இருக்கிறது.